"ப்ராசஸ் பண்ணட்டுமா?" என்றால் உடனே சரி சொல்ல வேண்டாம்

"ஏழு வருட ஜாவா அனுபவம். நோட்டீஸ் பீரியட் 90 நாள். நேற்று ஒரு ரெக்ரூட்டர் போன் செய்தார். சம்பளம், நோட்டீஸ் எல்லாம் கேட்டுவிட்டு ‘உங்க ப்ரொஃபைலை ப்ராசஸ் பண்ணட்டுமா?’ என்றார். எத்தனை ரவுண்டு, எத்தனை நாள் ஆகும், பேனலில் யார் இருப்பார்கள் என்று இப்போதே கேட்கலாமா? ரொம்ப அலட்டிக்கொள்கிறான் என்று நினைத்துவிடுவார்களா? கேட்கலாம் என்றால் எப்படிக் கேட்பது?"

கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நான் பதினான்கு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். முதல் ஐந்து வருடம் கிண்டியில் ஒரு கன்சல்டன்சியில் இருந்தேன். அப்புறம் ஓ.எம்.ஆரில் ஒரு நிறுவனத்துக்குள்ளேயே ஆளெடுக்கும் பிரிவுக்கு வந்துவிட்டேன். "எத்தனை ரவுண்டு மேடம்?" என்று கேட்டதற்காக ஒருவரையும் நான் ஒதுக்கியதில்லை. எதுவும் கேட்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, இரண்டாம் ரவுண்டு அன்று காலையில் போனை எடுக்காமல் இருந்தவர்கள்தான் எனக்குச் சிரமம் கொடுத்தார்கள். அவர்களில் பலர் பயந்தோ சோம்பிப்போயோ அப்படிச் செய்யவில்லை. இன்னும் எத்தனை பாக்கி இருக்கிறது என்று தெரியாமல் சலித்துப்போனவர்கள்.

சரி சொல்வதற்கு முன்னால்தான் கேட்க வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் "பண்ணுங்க" என்றதும் உங்கள் ரெஸ்யூமே நிறுவனத்தின் மென்பொருளில் ஏறிவிடும். மெயில் முகவரி, போன் நம்பர், சில இடங்களில் பான் எண், இவற்றை வைத்து நீங்கள் ஏற்கெனவே அங்கே பதிவானவரா என்று அது பார்க்கும். ஏற்றியது கன்சல்டன்சி என்றால், அதன் பிறகு சில மாதங்களுக்கு நீங்கள் அந்தக் கன்சல்டன்சியின் கணக்கு. மூன்று மாதமா ஆறு மாதமா என்பது அவர்கள் போட்டிருக்கும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அதற்குள் அங்கேயே வேலை செய்யும் உங்கள் நண்பர் உங்களை ரெஃபர் செய்தால் "டூப்ளிகேட்" என்று திரும்பி வரும். இரண்டாவது, கூலிங் பீரியட். ஒரு ரவுண்டில் தேறாவிட்டால் அதே நிறுவனத்தில் பெரும்பாலும் ஆறு மாதம் மறுபடி முயற்சி செய்ய முடியாது. சில இடங்களில் அது மூன்று மாதம், சில இடங்களில் ஒரு வருடம். ஆகவே அந்தச் "சரி" இலவசமாகக் கிடைப்பது இல்லை. எதற்குச் சரி சொல்கிறோம் என்று தெரிந்துகொண்டு சொல்வது உங்கள் உரிமை.

முதலில், போனில் பேசுகிறவர் யார் என்று பாருங்கள். நிறுவனத்தின் சொந்த ரெக்ரூட்டர் என்றால் அவருக்கு அந்த டீமின் மேனேஜரைத் தெரியும், வாரம் ஒரு முறையாவது அவருடன் பேசுவார். ரவுண்டுகள் அவருக்கு மனப்பாடம். கன்சல்டன்சி என்றால் கதை வேறு. எங்கள் கைக்கு வருவது வேலை விவரம் சொல்லும் ஒரு ஜேடி, ஒரு சம்பள வரம்பு, நிறுவனத்தில் ஒரே ஒரு தொடர்பு ஆள். அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது. "பேனல்ல யாரு?" என்று கன்சல்டன்சிப் பெண்ணிடம் கேட்டு அவர் தடுமாறினால், அவர் மறைக்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவரிடம் கேட்க வேறொரு வழி உண்டு. விதியைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். "இதே பொசிஷனுக்கு நீங்க ஏற்கெனவே ஆள் அனுப்பியிருக்கீங்களா? அவங்க எத்தனை ரவுண்டு போனாங்க? என்ன கேட்டாங்கன்னு சொன்னாங்களா?" ரவுண்டு முடித்து வந்தவர்களிடம் நாங்கள் கட்டாயம் பேசுவோம், அது எங்கள் வேலை. எங்கள் எக்செல் ஷீட்டில் "ஃபீட்பேக்" என்று ஒரு தனிக் கட்டமே இருக்கும். நடந்ததைக் கேட்டால் அந்தக் கட்டத்தைப் பார்த்தே உங்களுக்குப் பதில் வரும். "நீங்கதான் முதல் ஆள்" என்று பதில் வந்தாலும் நல்லதுதான். மற்றவர்களுக்குக் கிடைக்காத ஒரு தகவல் உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

ரவுண்டுகளைப் பற்றி. சென்னை சர்வீஸ் கம்பெனிகளில் பொதுவான வரிசை உங்களுக்கே தெரிந்திருக்கும்: ஆன்லைன் டெஸ்ட், முதல் டெக்னிக்கல் ரவுண்டான எல்1, இரண்டாவதான எல்2, மேனேஜர் ரவுண்டு, எச்.ஆர். டெஸ்ட் சில இடங்களில் இருக்காது. சில இடங்களில் எல்2-வும் மேனேஜர் ரவுண்டும் சேர்ந்து "டெக்னோ மேனேஜீரியல்" என்ற பெயரில் ஒன்றாக வரும். இதிலெல்லாம் ஆச்சரியம் இல்லை. ஆளைக் கவிழ்ப்பது கிளையண்ட் ரவுண்டு. ரெக்ரூட்டரிடம் "எத்தனை ரவுண்டு?" என்று கேட்டால் "ரெண்டு டெக்னிக்கல், ஒரு எச்.ஆர்." என்பார். பொய் இல்லை, அது அவருடைய நிறுவனத்தின் ரவுண்டுகள். அந்த மூன்றையும் முடித்த பிறகு வெளிநாட்டில் இருக்கும் வாடிக்கையாளர் உங்களைப் பார்க்க வேண்டும் என்பார். அங்கே வேண்டாம் என்றால் ஆஃபர் வராது. அதனால் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் இன்னொன்றும் சேர்த்துக் கேளுங்கள்: "கிளையண்ட் ரவுண்டு உண்டா? அது ஆஃபருக்கு முன்னாடியா, சேர்ந்த பிறகா?" சேர்ந்த பிறகு என்றால் அது ப்ராஜெக்ட் ஒதுக்குவதற்கான பேச்சு, பயப்பட வேண்டாம். ஆஃபருக்கு முன்னால் என்றால் அதுதான் கடைசி வாசல். அதற்கு முந்தையதெல்லாம் அந்த வாசலுக்கு உங்களைக் கொண்டுபோகும் படிகள். கான்ட்ராக்ட் வேலை என்றால் சம்பளம் கொடுக்கும் நிறுவனமும் வேலை வாங்கும் நிறுவனமும் தனித்தனியாக இன்டர்வியூ எடுக்கலாம், அதையும் மறக்காமல் கேளுங்கள்.

இதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய சின்னக் கேள்வி ஒன்று: "பொசிஷன் அப்ரூவ் ஆயிடுச்சா, இல்ல பைப்லைனா?" ப்ராஜெக்ட் இன்னும் கைக்கு வராமல், வந்தால் ஆள் வேண்டுமே என்று முன்கூட்டியே ஆள் பார்த்து வைப்பதைத்தான் பைப்லைன் என்போம். அதில் குற்றம் எதுவும் இல்லை, ஆனால் எல்1 முடிந்து இரண்டு மாதம் சத்தமே இருக்காது. ரெக்ரூட்டர் வாயால் பைப்லைன் என்று சொல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். முதல் ரவுண்டு எந்த வாரம் என்று கேட்டால் தேதி வராது. எந்த டீம், எந்த மேனேஜர் என்றால் "ஷார்ட்லிஸ்ட் ஆனப்புறம் சொல்றேன்" என்பார்.

அடுத்து பேனல். இந்தச் சொல்லை நாங்கள் பயன்படுத்தும் விதமே பலரைக் குழப்புகிறது. எங்கள் பேச்சில் இன்டர்வியூ எடுக்கிறவருக்கே பேனல் என்றுதான் பெயர். "பேனல் இன்னைக்கு லீவு" என்றால் ஒரே ஒரு ஆர்க்கிடெக்ட் லீவில் இருக்கிறார் என்று பொருள். அதனால் "பேனல் இன்டர்வியூ" என்று மெயிலில் பார்த்ததும் எதிரே ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று கற்பனை செய்ய வேண்டாம், ஒருவர்தானே என்று அலட்சியமாகவும் போக வேண்டாம். நேராகக் கேளுங்கள்: "எடுக்கிறவங்க ஒருத்தரா, ரெண்டு மூணு பேரா? நான் சேரப்போற டீம்லேர்ந்தா, வேற டீமா?"

டீமைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்போது பல நிறுவனங்கள் எல்1-ஐ வெளியே கொடுத்துவிடுகின்றன. இன்டர்வியூ எடுப்பதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. வேறெங்கோ வேலை பார்க்கும் அனுபவஸ்தர்கள் மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து உங்களிடம் கேள்வி கேட்பார்கள். அவர்களுக்கு அந்த ப்ராஜெக்டைப் பற்றித் தெரியாது. கையில் தலைப்புகளின் பட்டியல் இருக்கும், ஒவ்வொரு தலைப்புக்கும் மதிப்பெண் போட வேண்டும், வீடியோ பதிவாகும். அப்படிப்பட்ட ரவுண்டில் "எங்க ப்ராஜெக்ட்ல இப்படிப் பண்ணினோம்" என்று கதையாக விரித்தால் நேரம் போய்விடும். பட்டியலில் இருக்கும் தலைப்பு பாதி தொடப்படாமலே நின்றுவிடும். சுருக்கமாக, கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டு போக வேண்டும். டீமின் மேனேஜரே எடுத்தால் இதற்கு நேர் எதிர். அவருக்கு அந்தக் கதைதான் வேண்டும். நள்ளிரவில் ஒரு ப்ரொடக்ஷன் சர்வர் விழுந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அவர் அரை மணி நேரம் கேட்பார். ஒரே ஆள், ஒரே அறிவு, ஆனால் தயாராகும் விதம் இரண்டுக்கும் வேறு. இதை முதல் நாளே தெரிந்துகொள்வது உங்களுக்கு ஒரு வாரப் படிப்பை மிச்சப்படுத்தும்.

கோடிங் உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எப்படி என்று கேட்பவர்கள் குறைவு. ஸ்கிரீனைப் பகிர்ந்து உங்கள் சொந்த எடிட்டரில் எழுதுவது ஒன்று. அவர்கள் அனுப்பும் லிங்கில் எழுதுவது இன்னொன்று. ஓட்டிக் காட்ட வேண்டுமா, வெறும் எழுதினால் போதுமா என்பதும் பெரிய வித்தியாசம். ஆள்மாறாட்டம் அதிகமாகிவிட்டதால் கேமரா முழு நேரமும் ஆன், ஆரம்பத்தில் அடையாள அட்டை காட்டுவது, கடைசி ரவுண்டுக்கு நேரில் வருவது என்று பல இடங்களில் விதி வைத்துவிட்டார்கள். கடைசி ரவுண்டு நேரில் என்றால் எந்தக் கட்டடம் என்றும் கேளுங்கள். மணப்பாக்கத்துக்கும் சிறுசேரிக்கும் நடுவே ஒரு அரை நாள் இருக்கிறது. வேலை நாளில் அந்த அரை நாளுக்கு நீங்கள் லீவு போட வேண்டும்.

நேரில் என்றதும், ஒரே நாளில் பலரை வரவழைத்து இன்டர்வியூ எடுக்கும் சனிக்கிழமை டிரைவ் ஞாபகம் வருகிறது. இதில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருடம் முன்பு நான் இருந்த ஒரு நிறுவனத்தில் ஒரு டிரைவ் நடத்தினோம். வரச் சொன்ன எல்லோரிடமும் "காலைல பத்து மணிக்கு வாங்க, எல்லா ரவுண்டும் ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்று நானே போனில் சொன்னேன். எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். தொண்ணூறு பேர் வந்தார்கள். இன்டர்வியூ எடுக்க வந்தவர்கள் பதினொரு பேர். ஒருவருக்கு முக்கால் மணி நேரம், அப்புறம் படிவம் நிரப்ப கொஞ்ச நேரம், நடுவே சாப்பாடு. மாலை ஐந்து வரை ஒரு ஆள் ஆறு பேரைப் பார்க்கலாம், மிஞ்சினால் ஏழு. கூட்டிப் பார்த்தால் எண்பதை எட்டாது, அதில்தான் எல்2-வும் அடங்க வேண்டும். இந்தக் கணக்கை நான் வெள்ளிக்கிழமையே போட்டிருக்க வேண்டும், போடவில்லை. நாலரை மணிக்கு கேண்டீன் ஹாலில் முப்பது பேர் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திண்டிவனத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்த ஒருவர் என்னிடம் வந்து, "மேடம், நீங்கதானே போன்ல பேசினீங்க?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு பேனல் எத்தனை பேர் என்று தெரியாமல் நான் யாரையும் டிரைவுக்கு வரச் சொன்னதில்லை. உங்களை டிரைவுக்குக் கூப்பிட்டால் இரண்டே கேள்வி: "எனக்குன்னு ஒரு நேரம் ஒதுக்கியிருக்கீங்களா, இல்ல டோக்கனா? எல்2 அன்னைக்கேவா, இன்னொரு நாளா?" டோக்கன் என்றால் ஒன்பது மணிக்கே போய்விடுங்கள்.

இனி காலம். இதுதான் உங்கள் மாதிரி 90 நாள் நோட்டீஸ் இருப்பவருக்கு மிகவும் முக்கியம். "எவ்வளவு நாள் ஆகும்?" என்று பொதுவாகக் கேட்டால் "ரெண்டு வாரத்துல முடிச்சிடுவோம்" என்று பொதுவாகத்தான் பதில் வரும். எதிலிருந்து எதுவரை இரண்டு வாரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரெக்ரூட்டர் மனதில் முதல் ரவுண்டிலிருந்து கடைசி டெக்னிக்கல் ரவுண்டு வரை என்று இருக்கும். உங்கள் மனதில் இன்றைக்கிலிருந்து ஆஃபர் லெட்டர் மெயிலில் வரும்வரை என்று இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே சுலபமாக இன்னும் இரண்டு வாரம் போய்விடும்.

என் சித்தி மகள் விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அவள் டெஸ்டிங்கில் இருக்கிறாள், வீடு மேடவாக்கம். கையில் ஏற்கெனவே ஒரு ஆஃபர் இருந்தது, ஜூன் 20-க்குள் பதில் சொல்ல வேண்டும். ஜூன் 3, செவ்வாய்க்கிழமை, இன்னொரு இடத்திலிருந்து போன். பஸ்ஸுக்காகத் துரைப்பாக்கத்தில் நின்றுகொண்டிருந்தவள், "மேம், சத்தமா இருக்கு, பத்து நிமிஷத்துல நானே கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். இருவரும் ஒரு தாளில் கணக்குப் போட்டோம்.

ரெஸ்யூமே மேனேஜர் கைக்குப் போய் அவர் பார்த்துச் சரி சொல்ல இரண்டு நாள்: ஜூன் 5. அப்புறம் டெஸ்ட் லிங்க் வரும், வார இறுதியில் எழுதலாம். முடிவு வர செவ்வாய், ஜூன் 10. எல்1 அதே வாரம் 12 என்று வைத்தோம். எல்2 எடுப்பவர்கள் மூத்தவர்கள், அவர்கள் வாரத்தில் இரண்டு நாள்தான் ஒதுக்குவார்கள். ஆக எல்2 அடுத்த வாரம், 17. இதுவரை சரியாக இரண்டு வாரம், ரெக்ரூட்டர்கள் வழக்கமாகச் சொல்லும் அந்த இரண்டு வாரம். அப்புறம் கிளையண்ட் ரவுண்டு உண்டு என்றால் அது அமெரிக்க வாடிக்கையாளர். ஜூன் 19 அங்கே ஜூன்டீன்த் விடுமுறை, அதை ஒட்டி வெள்ளிக்கிழமையும் பலர் லீவு எடுப்பார்கள். ஆக 23 அல்லது 24. எச்.ஆர். 25. அதற்கு மேல் மூன்று மாதச் சம்பளச் சீட்டு, படிவம் 16, பழைய நிறுவனங்களின் ரிலீவிங் லெட்டர் எல்லாம் வாங்கி, சம்பளத்துக்கு உள்ளே ஒவ்வொரு மேஜையிலும் ஒப்புதல் வாங்க ஒரு வாரம். ஜூலை 2. அவளுக்கோ கெடு ஜூன் 20.

இந்தத் தாளை வைத்துக்கொண்டு அவள் திருப்பிக் கூப்பிட்டாள். நான் பக்கத்தில் இல்லை, அவள் சொன்னதை எழுதுகிறேன்.

"மேம், எனக்கு விருப்பம் இருக்கு. ஒரு விஷயம் வெளிப்படையா சொல்லிடறேன். கைல ஒரு ஆஃபர் இருக்கு, ஜூன் 20-க்குள்ள பதில் சொல்லணும். அதனால மூணு விஷயம் தெரிஞ்சா சரியா சொல்லிடுவேன். மொத்தம் எத்தனை ரவுண்டு, கிளையண்ட் ரவுண்டு ஆஃபருக்கு முன்னாடியா? ஒவ்வொண்ணையும் யாரு எடுப்பாங்க? கடைசி ரவுண்டு முடிஞ்சு ஆஃபர் லெட்டர் வர உங்க ஆபீஸ்ல வழக்கமா எத்தனை நாள் ஆகும்?"

அந்த ரெக்ரூட்டர் நல்ல ரெக்ரூட்டர். "கிளையண்ட் ரவுண்டு இருக்கும்மா, ஆஃபருக்கு முன்னாடிதான். டேட்டெல்லாம் மேனேஜர்கிட்ட கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றார். சொன்னபடி மறுநாள் கூப்பிட்டார். எல்1, எல்2 இரண்டையும் 12-ஆம் தேதி ஒரே நாளில் வைக்க மேனேஜர் ஒப்புக்கொண்டிருந்தார். கெடு இருக்கிறது என்று காரணத்தோடு கேட்டதால்தான் அது நடந்தது. காரணம் இல்லாமல் "சீக்கிரம் முடிச்சுக் குடுங்க" என்றால் மேனேஜரிடம் போய்ச் சொல்ல எங்களிடம் எதுவும் இருக்காது. கிளையண்ட் ரவுண்டு 17, செவ்வாய், மாலை ஏழரை. டெக்சாஸில் அப்போது காலை ஒன்பது மணி. இரண்டு பேர் எடுப்பார்கள், ஒருவர் டெஸ்டிங் தலைவர், இன்னொருவர் ப்ராடக்ட் ஓனர் பக்கத்து ஆள், கோடிங் கிடையாது, நிலைமைகளைச் சொல்லி எப்படிச் சோதிப்பாய் என்று கேட்பார்கள். ஆஃபர் லெட்டருக்கு மட்டும் ஐந்து வேலை நாள் ஆகும், அதைக் குறைக்க முடியாது என்றும் அவரே சொல்லிவிட்டார். அதைக் கேட்ட பிறகுதான் அவள் "ப்ராசஸ் பண்ணுங்க மேம்" என்றாள். அன்றே முதல் நிறுவனத்துக்கு மெயில் போட்டு ஜூன் 25 வரை அவகாசம் கேட்டாள். கிடைத்தது.

12-ஆம் தேதி இரண்டு ரவுண்டும் நன்றாகப் போனது. கிளையண்ட் ரவுண்டில் வாய்ப்பு நழுவியது. அவர்களுக்கு இன்ஷூரன்ஸ் துறை அனுபவம் வேண்டியிருந்தது, அவளுக்கு இல்லை. 18-ஆம் தேதி மதியமே பதில் வந்துவிட்டது. முதல் ஆஃபருக்குச் சரி சொல்ல இன்னும் ஒரு வாரம் இருந்தது, நிம்மதியாகச் சொன்னாள். கேட்காமல் போயிருந்தால் 20-ஆம் தேதி எல்2 முடித்த மகிழ்ச்சியில், கிளையண்ட் ரவுண்டு என்று ஒன்று இருப்பதே தெரியாமல், கையிலிருந்த ஆஃபரை விட்டிருப்பாள். அப்படி விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 90 நாள் நோட்டீஸ் என்று நேற்றே சொல்லியிருப்பீர்கள். அதற்கு அவர் என்ன சொன்னார் என்று யோசித்துப் பாருங்கள். "குறைக்க முடியுமா?" என்று கேட்டிருந்தால், அவர்களுக்கு ஆள் எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று நீங்கள் கேட்க வேண்டும். ஆஃபர் வர ஒரு மாதம், அதிலிருந்து உங்கள் மூன்று மாதம் என்றால் நான்கு மாதம். அவர்களுக்கு ஆறு வாரத்தில் ஆள் வேண்டும் என்றால் இந்த ரவுண்டுகளை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் கடைசியில் அந்த இடத்தில்தான் வண்டி நிற்கும். அதை நாலாவது ரவுண்டில் தெரிந்துகொள்வதைவிட நாளைக் காலையில் தெரிந்துகொள்ளுங்கள். "இப்பவே ரிசைன் போட்டுடுங்க, நோட்டீஸ்ல இருக்கறவங்களைத்தான் எடுப்போம்" என்று சொன்னால் அதற்கு மட்டும் இணங்காதீர்கள். ஆஃபர் லெட்டர் கையில் வராமல் ராஜினாமா வேண்டாம்.

எப்போது கேட்பது என்றால், அவர் தன் கேள்விகளை முடித்துவிட்டு "ப்ராசஸ் பண்ணட்டுமா?" என்று நிறுத்துகிறாரே, அந்த இடம்தான். நடுவே குறுக்கிட்டால் அவர் நிரப்பிக்கொண்டிருக்கும் ஷீட்டில் கட்டம் விட்டுப்போகும், எரிச்சல் வரும். முதலில் விருப்பத்தைச் சொல்லுங்கள், அப்புறம் காரணத்தைச் சொல்லுங்கள், அப்புறம் மூன்று கேள்விக்கு மேல் போகாதீர்கள். சம்பள உயர்வு, வீட்டிலிருந்து வேலை, கேப் வசதி எல்லாம் இந்த அழைப்பில் வேண்டாம், அதற்கு வேறு நேரம் வரும். உங்களுக்கு நேற்றே அழைப்பு முடிந்துவிட்டது என்பதால் இன்று ஒரு மெயில் போடுங்கள். நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், உள்ளே இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

"நேற்று பேசியதற்கு நன்றி. இந்த வேலையில் எனக்கு விருப்பம் இருக்கிறது. என் நோட்டீஸ் 90 நாள் என்பதால், ப்ரொஃபைலை அனுப்புவதற்கு முன் சில விவரங்கள் தெரிந்தால் உதவியாக இருக்கும். ஆஃபர் வரை எத்தனை ரவுண்டுகள், அதில் கிளையண்ட் ரவுண்டு உண்டா? ஒவ்வொரு ரவுண்டையும் எத்தனை பேர் எடுப்பார்கள், அதே டீமைச் சேர்ந்தவர்களா, கோடிங் உண்டா? முதல் ரவுண்டு எந்த வாரம், கடைசி ரவுண்டிலிருந்து ஆஃபர் லெட்டர் வர எத்தனை நாள்? இவை தெரிந்ததும் அன்றே என் சம்மதத்தை அனுப்புகிறேன். அதுவரை ப்ரொஃபைலைப் பதிவேற்ற வேண்டாம்."

கடைசி வரி முக்கியம். கன்சல்டன்சிகளில் மாலைக்குள் இத்தனை ப்ரொஃபைல் அனுப்ப வேண்டும் என்று ஒரு அழுத்தம் இருக்கும். நீங்கள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுபவர்கள் உண்டு. எழுத்தில் இருந்தால், பின்னால் உங்கள் நண்பர் ரெஃபர் செய்து டூப்ளிகேட் என்று வந்தாலும் நிறுவனத்திடம் காட்ட உங்களிடம் ஒரு சான்று இருக்கும்.

பதில் எப்படி வந்தால் நம்பலாம்? எல்லாவற்றுக்கும் பளிச்சென்று பதில் வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். "முதல் ரெண்டும் தெரியும், கிளையண்ட் ரவுண்டைப் பத்தி கேட்டுச் சொல்றேன்" என்பது நல்ல பதில், சொன்ன நாளில் திருப்பிக் கூப்பிட்டால் இன்னும் நல்லது. தேதிகள் பின்னால் தள்ளிப்போகும், அதற்காகக் கோபப்பட வேண்டாம். எல்2 எடுப்பவர் திடீரென்று ப்ரொடக்ஷன் பிரச்சினையில் மாட்டிக்கொள்வார். டிசம்பரில் மழை எச்சரிக்கை வந்தால் டிரைவையே தள்ளிவைப்போம். பொங்கல் வாரத்தில் ஒன்றும் நகராது. நாள் மாறலாம், ஆனால் ரவுண்டுகள் நடுவழியில் முளைக்கக் கூடாது. மூன்று என்று சொல்லிவிட்டு நாலாவதாக ஒன்று வந்தால், அது எதற்கு, அதுதான் கடைசியா என்று அன்றே கேளுங்கள். ஐந்தாவதும் வந்தால் அங்கே யார் முடிவெடுப்பது என்று அவர்களுக்கே தெரியவில்லை. கேட்ட மூன்று கேள்விக்கும் "அதெல்லாம் பாத்துக்கலாம் சார், முதல்ல ஆதார், பான் அனுப்புங்க" என்றே பதில் வந்தால் அனுப்ப வேண்டாம். இன்டர்வியூவுக்குப் பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

மெயிலை இன்று பதினொரு மணிக்குள் போட்டுவிடுங்கள். மேனேஜர்களுடன் எங்கள் வாராந்தர, தினசரிப் பேச்சுகள் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். காலையில் உங்கள் மெயில் கையில் இருந்தால் அன்று மாலைக்குள் கேட்டுச் சொல்லிவிட முடியும்.